தராசு ஒண்ணான்னு பார்க்காம எடையை ஒப்பிடாதீங்க: டிப்ரஷன் மதிப்பெண் பற்றி ஒரு நீண்ட இழை

1/
"இளைஞர்களைவிட முதியவர்களுக்குத்தான் டிப்ரஷன் அதிகம்."

தாம்பரம், குரோம்பேட்டை, மேடவாக்கம் பக்கம் குடியிருப்போர் சங்க மருத்துவ முகாம் முடிஞ்ச மறுநாள் இப்படி ஒரு படம் வாட்ஸப்ல சுத்த ஆரம்பிச்சிடும். சின்னவங்க பட்டை குட்டை, பெரியவங்க பட்டை நெட்டை. கீழே "வீட்டுப் பெரியவர்களிடம் பேசுங்கள்" என்று ஒரு அறிவுரை. அறிவுரை நல்லதுதான். அந்தப் படம் பெரும்பாலும் எதையுமே நிரூபிக்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்த இழை.

2/
முதலில் கருவி. பெரும்பாலும் பயன்படுவது பி.எச்.கியூ-9. ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் இந்தத் தொந்தரவு எவ்வளவு நாள் இருந்தது? இல்லவே இல்லை என்றால் 0, சில நாட்கள் 1, பாதி நாட்களுக்கு மேல் 2, கிட்டத்தட்ட தினமும் என்றால் 3. மொத்தம் 27. பத்தைத் தொட்டால் "டாக்டரைப் பாருங்க".

க்ரோன்கே, ஸ்பிட்ஸர், வில்லியம்ஸ் மூவரும் 2001-இல் அமெரிக்காவில் 6,000 நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டது. பாதிப் பேர் பொது மருத்துவ கிளினிக்குகளில் இருந்து, மீதிப் பேர் மகளிர் நல கிளினிக்குகளில் இருந்து. நல்ல கருவி. நானும் பயன்படுத்துறேன்.

3/
என் சண்டை கருவியோட இல்லை. இரண்டு கூட்டத்தின் சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "இவங்களுக்கு அதிகம்" என்று அறிவிக்கிறோமே, அதோடதான்.

அப்படி அறிவிக்கும்போது சொல்லாமலே ஒரு சத்தியம் செய்கிறோம்: இந்த ஒன்பது கேள்வியும் இரண்டு கூட்டத்திலும் ஒரே பொருளை, ஒரே அளவுகோலில் அளக்கிறது என்று. அந்தச் சத்தியம் உண்மையா என்று சோதிக்க ஒரு முறை இருக்கு. பேர் மெஷர்மென்ட் இன்வேரியன்ஸ். தமிழில் அளவீட்டு மாறாமை. முகாம் அறிக்கைகளில் இந்த வார்த்தையை நான் ஒரு தடவைகூட பார்த்ததில்லை.

4/
ஒன்பது கேள்வியும் எதைப் பற்றி?

1 எதிலும் ஆர்வமில்லாமை
2 மனசு சரியில்லாமை, நம்பிக்கை இழப்பு
3 தூக்கம்
4 அசதி
5 பசி
6 தன்னையே தாழ்வாக நினைப்பது
7 கவனம் சிதறுவது
8 பேச்சும் நடையும் மெதுவாவது, அல்லது இருப்புக் கொள்ளாமல் அலைவது
9 செத்தால் தேவலை, அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம்

இதில் 3, 4, 5, 8 நான்கும் உடம்பு வழியாகத் தெரிபவை. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வச்சுக்குங்க.

5/
இப்போ ஒரு கணக்கு. ஆட்கள் கற்பனை, எண்களும் கற்பனை. கணக்கு எப்படி நடக்குதுன்னு காட்ட மட்டும்.

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் 28 வயதுப் பெண். சேலையூரில் 70 வயது ரிடையர்டு ரயில்வேக்காரர். இரண்டு பேருக்கும் மனசு ஒரே அளவுதான் வாடியிருக்கு. 1, 2, 6, 7 நான்கிலும் இருவரும் "சில நாட்கள்", அதாவது தலா 1. ஒன்பதாவதில் இருவருக்கும் 0. இதுவரை இருவருக்கும் 4.

6/
மிச்ச நான்கு கேள்விக்கு வருவோம்.

தூக்கம்: பொண்ணுக்கு 1. பெரியவருக்கு ராத்திரி மூணு தடவை பாத்ரூம், புராஸ்டேட் ஒரு பக்கம், பிபி மாத்திரை ஒரு பக்கம். அவருக்கு 2.
அசதி: பொண்ணுக்கு 1. பெரியவருக்கு சர்க்கரை, லேசான ரத்தசோகை. 2.
பசி: பொண்ணுக்கு 0. பெரியவருக்குப் பல்செட் சரியில்லை, மெட்ஃபார்மின் வேற. 1.
மெதுவாக நடப்பது: பொண்ணுக்கு 0. பெரியவருக்கு முழங்கால். 1.

கூட்டிப் பாருங்க. பொண்ணுக்கு 6. பெரியவருக்கு 10. ஒருத்தர் "நார்மல் பக்கம்", இன்னொருத்தர் "டிப்ரஷன், ரெஃபர் பண்ணுங்க". மனசு ரெண்டு பேருக்கும் ஒண்ணு. வித்தியாசம் நாலும் மூத்திரப்பையும் முழங்காலும் கொடுத்தது.

7/
இதே மாதிரி 200 பேரை இந்தப் பக்கம், 200 பேரை அந்தப் பக்கம் வைத்து சராசரி எடுங்க. நெட்டைப் பட்டை, குட்டைப் பட்டை தயார். ஆட்களைக் கூட்டினாலும் இந்தக் கோளாறு போகாது. 2,000 பேர் ஆனால் அதே தவறு இன்னும் உறுதியான குரலில் பேசும், அவ்வளவுதான்.

8/
"அப்ப பெரியவங்களுக்கு டிப்ரஷனே இல்லைங்கிறீங்களா டாக்டர்?"

இல்லவே இல்லை. துணையை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க பூட்டின ஃப்ளாட்டில் தனியா இருப்பவர், இவங்களுக்கெல்லாம் நிஜமாகவே அதிகமா இருக்கலாம். பெரியவரின் அசதியே டிப்ரஷனாலும் இருக்கலாம். மொத்த மதிப்பெண்ணை மட்டும் வச்சு இதைப் பிரிக்க முடியாது. பிரிச்சுப் பார்க்கத்தான் அந்தச் சோதனை.

9/
நம்ம சென்னையிலேயே பெரிய ஆய்வு ஒன்று இருக்கு. டாக்டர் வி. மோகன் குழுவின் க்யூர்ஸ் ஆய்வு. சென்னை நகரில் 25,455 பேர். பி.எச்.கியூ-9-ஐ மாற்றியமைத்த 12 கேள்விப் படிவம். 2009-இல் ப்ளாஸ் ஒன் இதழில் வந்தது. மொத்தத்தில் 15.1 சதவீதம் பேருக்கு டிப்ரஷன். ஆணிலும் பெண்ணிலும் வயது ஏற ஏற சதவீதமும் ஏறியது.

அறிகுறிகளில் முதலிடம் மனவாட்டம், 30.8 சதவீதம். அதை ஒட்டியே அசதி, 30.0 சதவீதம்.

10/
உழைச்சு செய்த ஆய்வு, மரியாதைக்குரியது. ஒரு நகரத்தில் எவ்வளவு பேருக்கு அறிகுறிகள் இருக்கு என்று காட்டுவது அதன் வேலை, அதைச் செய்தது. ஆனா "வயது ஏற ஏற டிப்ரஷன் ஏறுது" என்ற ஒரு வரியை மட்டும் பிய்த்து போஸ்டர் போடுறவர்களிடம் நான் கேட்பது இதைத்தான்: ஏறியது மனவாட்டமா, அசதியா? ஒவ்வொரு கேள்வியும் வயதோடு எப்படி நகருது என்று தனித்தனியாகப் பார்க்காமல் இதற்குப் பதில் கிடையாது.

11/
இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1980-களின் தொடக்கத்திலேயே யெசவேஜ் குழுவினர் முதியவர்களுக்கென்று தனியாக ஜி.டி.எஸ் என்ற படிவத்தை உருவாக்கினார்கள். முப்பது கேள்வி, எல்லாம் ஆம்/இல்லை. தூக்கம், பசி மாதிரி உடம்புக் கேள்விகளை வேண்டுமென்றே விட்டுவிட்டார்கள். வயசானவரிடம் அவை டிப்ரஷனைத் துல்லியமாகக் காட்டாது என்பதுதான் காரணம். நாற்பது வருஷம் முன்னாடி தெரிஞ்ச விஷயத்தை நம்ம முகாம்கள் இன்னும் கண்டுக்கலை.

12/
சரி, வயது ஒரு பக்கம். இப்போ மொழி.

ஆங்கிலத்தில் ரெண்டாவது கேள்வியில் வரும் வார்த்தை "டிப்ரஸ்டு". தமிழில் பல படிவங்கள் "மனச்சோர்வு" என்று போடும். அகராதிப்படி சரி. ஆனா மாடம்பாக்கத்தில் ஒரு பாட்டியிடம் "சோர்வா இருக்கா"ன்னு கேட்டுப் பாருங்க. "ஆமாம்ப்பா, காலைல எழுந்ததுல இருந்தே உடம்பு அசந்து போகுது" என்பார். முன்னால் இருக்கும் "மன" காதில் விழவில்லை. சோர்வு விழுந்தது.

13/
அதாவது பாட்டிக்கு ரெண்டாவது கேள்வியும் நாலாவது கேள்வியும் ஒரே கேள்வி. அசதிக்கு ரெண்டு தடவை மார்க் போட்டாச்சு. துக்கத்துக்கு ஒரு தடவைகூட போடலை.

"மன அழுத்தம்" என்று போட்டால் வேற கூத்து. டிப்ரஷனுக்கும் அதே சொல், ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே சொல். ஆங்கிலப் பக்கமும் சுத்தமில்லை. ஓ.எம்.ஆர். பையன் மேட்ச் தோத்தாலே "செம டிப்ரஸ்டா இருக்குடா" என்பான்.

14/
"நாங்க முறைப்படி மொழிபெயர்த்து, திருப்பி ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்த்துச் சரிபார்த்தோம்" என்பார்கள்.

அந்தச் சோதனையில் "டிப்ரஸ்டு" தமிழில் "மனச்சோர்வு" ஆகும். இரண்டாவது மொழிபெயர்ப்பாளர் "மனச்சோர்வை" மறுபடி "டிப்ரஸ்டு" ஆக்குவார். அப்பழுக்கில்லாமல் திரும்பி வந்துடும். ஏன்னா ரெண்டு மொழிபெயர்ப்பாளரும் படிச்சவங்க, ஒரே அகராதியைத் தலையில் வச்சிருக்கிறவங்க. பாட்டியை இந்தச் சோதனையில் யாருமே சேர்க்கவில்லை.

15/
ஒன்பதாவது கேள்வி இன்னும் சிக்கல். நம்ம ஊர்ல வயசான அம்மாக்கள் பேச்சுவாக்கில் சொல்வது: "நல்லபடியா போய்ச் சேர்ந்தா போதும்." "அவன் எப்பக் கூப்பிடுவானோ." பலருக்கு இது பக்தியும் அலுப்பும் கலந்த சாதாரணப் பேச்சு. 25 வயதுப் பையன் அதே கேள்விக்கு "ஆமா" என்றால் பொருளே வேற.

ஒரு விஷயம் அழுத்திச் சொல்லணும். இதை வச்சு "பாட்டி சும்மா சொல்றாங்க"ன்னு விட்டுடாதீங்க. ஒன்பதாவதில் யார் 1 போட்டாலும், எந்த வயதானாலும், தனியா உட்கார வச்சு நேரில் கேட்கணும். சிகிச்சைக்கு அதுதான் விதி. நான் கேள்வி கேட்பது சராசரி போட்டு ஒப்பிடுவதைப் பற்றி மட்டும்.

16/
முகாம்ல வயதும் மொழியும் சேர்ந்தே மாறுது. இளையவர்கள் போனில் ஆங்கிலப் படிவத்தைத் தாங்களே தட்டி அனுப்புறாங்க. பெரியவங்களுக்கு ஒரு தன்னார்வலர் தமிழில் வாசிச்சு டிக் பண்றார். பக்கத்து நாற்காலியில் மருமகள். "குடும்பத்துக்குப் பாரமா இருக்கோம்னு தோணுதா?" என்று அங்கே கேட்டால் என்ன பதில் வரும்னு நினைக்கிறீங்க?

வயது, மொழி, கேட்ட விதம், மூணும் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. கடைசியில் பட்டை மேல் எழுதுவது மட்டும் "வயது".

17/
சரி, சோதனை எப்படி? தாம்பரம் மார்க்கெட்டில் ரெண்டு கடைத் தராசை நினைச்சுக்குங்க. மூணு படி.

முதல் படி: ரெண்டு கடையிலும் அதே சரக்கைத்தான் நிறுக்கிறார்களா? ஒன்பது கேள்வியும் ரெண்டு கூட்டத்திலும் ஒரே மாதிரி கொத்தாகச் சேர்கிறதா என்று பார்ப்பது. இளையவர்களில் ஒன்பதும் ஒரே கொத்து, முதியவர்களில் மனசு ஒரு கொத்து, உடம்பு தனிக் கொத்து என்று பிரிந்தால் கதை இங்கேயே முடிஞ்சது. மொத்தத்தைக் கூட்டுவதற்கே அர்த்தமில்லை.

18/
இரண்டாவது படி: படிக்கல். ரெண்டு கடையிலும் ஒரு கிலோ கல் ஒரு கிலோதானா? மனவாட்டம் ஒரு பங்கு கூடினால் ஒவ்வொரு கேள்வியின் மதிப்பெண்ணும் ரெண்டு கூட்டத்திலும் அதே அளவு கூடுதா? பாட்டிகளிடம் "மனச்சோர்வு" கேள்வி துக்கத்தோடு ஏறாமல் அசதியோடு ஏறுதுன்னா இந்தப் படியில் மாட்டும்.

19/
மூணாவது படி: காலித் தட்டு. சரக்கு வைக்கும் முன்னாடியே ஒரு தட்டில் கல் ஒட்டியிருக்கா? மனவாட்டம் ஒரே அளவு உள்ள ரெண்டு பேர், ஒரு கேள்விக்கு 1-இலிருந்து 2-க்கு மாறும் இடம் ஒன்றா?

நம்ம ரயில்வே பெரியவர் மாட்டுவது இங்கேதான். தூக்கக் கேள்வியில் அவர் தட்டில் ஏற்கெனவே ஒரு கல் இருக்கு. சராசரியை ஒப்பிட இந்த மூணாவது படி கட்டாயம் தேறணும். முதல் ரெண்டு மட்டும் தேறினா போதாது.

20/
கணக்கில் இதை எப்படிப் பார்க்கிறார்கள்? ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே மாதிரியை வைத்து, படிப்படியாக "இது ரெண்டிலும் சமம்" என்று கட்டுப்படுத்திக்கொண்டே போவார்கள். கட்டுப்படுத்தியதும் மாதிரி தரவோடு பொருந்தாமல் போனால் அந்தச் சமம் பொய். சி.எஃப்.ஐ என்ற பொருத்த எண் 0.01-க்கு மேல் சரிந்தால் சந்தேகப்படு என்பது 2002-இல் இருந்து பரவலாக உள்ள வழக்கம். கூட்டத்துக்குச் சில நூறு பேர் இருந்தால் செய்யலாம். R மென்பொருளில் lavaan என்ற தொகுப்பு இருக்கு, காசே வேண்டாம். அதனால "வசதியில்லை" என்ற சாக்கு செல்லாது.

21/
அதுவும் முடியாதா? எக்செலில் ஒரு முதல்கட்டப் பார்வை பார்க்கலாம். 1, 6, 7 மூணு கேள்வியின் கூட்டுத்தொகை சமமாக உள்ளவர்களை மட்டும் எடுங்க. உதாரணமா, எல்லாருக்கும் அந்தக் கூட்டு 3. அவங்களுக்குள்ள முதியவர்களின் தூக்க மதிப்பெண் சராசரி என்ன, இளையவர்களின் சராசரி என்ன? மனசு சமமாக இருக்கும்போதே தூக்கம் ஒரு பக்கம் தொடர்ந்து சாய்ந்தால் அந்தக் கேள்வி வயதுக்கும் சேர்த்து மார்க் போடுது. முழுச் சோதனைக்கு இது மாற்று இல்லை. ஆனா போஸ்டர் அடிக்கும் முன் கையைப் பிடிச்சு நிறுத்தும்.

22/
சோதனையில் தோற்றால் படிவத்தைக் குப்பையில் போடணுமா? வேண்டாம். ஒன்பதில் ரெண்டு மூணு கேள்விதான் சாயுதுன்னா, அவற்றுக்கு மட்டும் ரெண்டு கூட்டத்துக்கும் தனித்தனி அளவு கொடுத்துட்டு, சாயாத மிச்சக் கேள்விகளை ஆதாரமாக வச்சு ஒப்பிடலாம். அப்போ வயது வித்தியாசம் காணாமல் போகலாம், குறையலாம், அப்படியே நிற்கவும் செய்யலாம். எப்படி வந்தாலும் அது நம்பக்கூடிய பதில்.

23/
இந்தச் சோதனைக்கும் ஒரு எல்லை உண்டு. எல்லாக் கேள்வியும் ஒரே பக்கம், ஒரே அளவு சாய்ந்தால் இதற்குத் தெரியாது. ஒரு கூட்டமே வெட்கப்பட்டு எல்லாத்துக்கும் ஒரு படி குறைச்சுச் சொன்னால், கணக்கு அதை "இவங்க சந்தோஷமா இருக்காங்க" என்று படிக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, பத்துப் பதினைந்து பேரிடம் உட்கார்ந்து "இந்தக் கேள்வியை எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க? ஏன் இந்தப் பதில்?" என்று கேட்பது. "சோர்வு" கதை அப்படிக் கேட்டால்தான் வெளியே வரும்.

24/
எனக்கு வழக்கமா வரும் ரெண்டு பதில்.

"தமிழ்ப் படிவம் வேலிடேட் ஆனதுதானே?" ஆனது. தமிழர்களில் டிப்ரஷன் உள்ளவரையும் இல்லாதவரையும் அது பிரிக்கும் என்று அதற்குப் பொருள். தமிழில் 10 எடுத்தவரும் ஆங்கிலத்தில் 10 எடுத்தவரும் சமம் என்று அது சொல்லவே இல்லை.

"ஆல்ஃபா 0.8-க்கு மேல வந்ததே?" கேள்விகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்து நகருதுன்னு மட்டும் அது சொல்லும். எல்லாம் அசதியோடு சேர்ந்து நகர்ந்தாலும் ஆல்ஃபா அழகாத்தான் வரும்.

25/
தவறு எப்போதும் கூட்டித்தான் காட்டும் என்றும் இல்லை. டிமென்ஷியாவில் தலைகீழ். 10/66 ஆய்வு, 2008 லான்செட். அமெரிக்க டி.எஸ்.எம்-4 அளவுகோலை வச்சு எண்ணினால் இந்தியக் கிராமப்புறத்தில், அதாவது நம்ம வேலூர் பக்கத்தில், 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 0.3 சதவீதம் பேருக்குத்தான் டிமென்ஷியா. கியூபாவில் 6.3. பல நாடுகளுக்கும் பொருந்துமாறு அவர்களே உருவாக்கிய அளவுகோலை வச்சால், ஆய்வு நடந்த எந்த இடமும் 5.6-க்குக் கீழே போகலை.

வேலூர்ப் பெரியவர்களுக்கு மறதியே வராதா? டி.எஸ்.எம்-4 அன்றாட வாழ்க்கை பாதிக்கப்பட்டதா என்று கேட்கும். வீட்டில் மருமகளும் பேரனும் எல்லா வேலையையும் எடுத்துக்கிட்ட தாத்தாவுக்கு எது பாதிக்கும்? "வயசாச்சு, அப்படித்தான்" என்று வீடே சொல்லிவிடும்.

26/
இதெல்லாம் ஆய்வாளர் சண்டை, நமக்கென்ன என்று நினைக்காதீங்க.

ஒரு 10 மதிப்பெண்ணை மட்டும் பார்த்து முதியவருக்கு டிப்ரஷன் மாத்திரை ஆரம்பித்தால், ஏற்கெனவே பிபிக்கு நீர் போகும் மாத்திரை சாப்பிடுபவருக்கு உப்புச் சத்து, அதாவது சோடியம், குறையும் ஆபத்து கூடுது. தலைசுற்றல், குழப்பம், கீழே விழுதல். இடுப்பெலும்பு முறிவில் போய் நிற்கலாம். அசதிக்குக் காரணமான ரத்தசோகையும் தைராய்டும் அப்படியே கிடக்கும். மாத்திரை தேவைப்படும் பெரியவர்கள் நிறைய இருக்காங்க, அவங்க பயப்படாம எடுக்கணும், தானா நிறுத்தக்கூடாது. அவங்களைச் சரியாகக் கண்டுபிடிக்கத்தான் இவ்வளவும் சொல்றேன்.

27/
மறுபக்கம், ஒரு பகுதிக்கு ஒரு கவுன்சலர்தான் கிடைப்பார் என்றால் அவர் எங்கே உட்காரணும்? முதியோர் பட்டை நெட்டையா இருக்கேன்னு அங்கே உட்கார வச்சா, பெருங்குடி, துரைப்பாக்கம் ஹாஸ்டலில் 6 எடுத்து "நார்மல்" ஆன பொண்ணுக்கு யார்? படிவத்தில் இந்திக் காலமே இல்லாததால் எண்ணப்படவே இல்லாத கட்டடத் தொழிலாளிக்கு யார்?

28/
வயதுக்கு மட்டும் இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் 1928-இல் இருந்து காசநோய்க்கு மருத்துவம் நடக்குது. டிபி நோயாளிக்கு அசதி, பசியின்மை, ராத்திரி வேர்த்துத் தூக்கம் கெடுவது எல்லாம் நோயின் அறிகுறியே. அவர்களின் மொத்த மதிப்பெண்ணைப் பக்கத்துத் தெரு ஆரோக்கியமானவர்களோடு ஒப்பிட்டால் டிபியை டிப்ரஷன் என்று எண்ணும் ஆபத்து இருக்கு. அவர்களுக்கு டிப்ரஷனும் அதிகம் வரும் என்பதால்தான் இதைச் சரியாக அளக்கணும்.

29/
அதனால முகாம் நடத்துறவங்களுக்கும், ஹெச்.ஆர். சர்வே விடுறவங்களுக்கும், அதைச் செய்தியாக்குறவங்களுக்கும் நான் கேட்பது மூணுதான்.

ஒண்ணு, படிவம் எந்த மொழியில், யார் வாசிச்சு, யார் பக்கத்தில் இருக்கும்போது நிரப்பப்பட்டது என்று எழுதுங்க.
ரெண்டு, மொத்த மதிப்பெண் மட்டும் போடாம ஒன்பது கேள்வியின் சராசரியையும் தனித்தனியா வெளியிடுங்க.
மூணு, மாறாமைச் சோதனை செய்யாதவரை கூட்டத்தைக் கூட்டத்தோடு ஒப்பிட்டுப் பட்டை வரையாதீங்க. தனி ஆளை அடுத்த கட்டத்துக்கு அனுப்ப மட்டும் மதிப்பெண்ணைப் பயன்படுத்துங்க.

30/
பொதுமக்களுக்கு: உங்க அப்பாவோ அம்மாவோ முகாமில் 10 எடுத்தால் பதற வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். அந்தப் படிவத்தை வாங்கி எந்தக் கேள்வியில் எத்தனை என்று பாருங்க. டாக்டரிடம் போகும்போது படிவத்தையும், சாப்பிடும் எல்லா மாத்திரையையும் எடுத்துட்டுப் போங்க. ஒன்பதாவது கேள்வியில் 0 இல்லைன்னா அன்னைக்கே போங்க.

அடுத்த தடவை அந்த நெட்டைப் பட்டைப் படம் உங்க குரூப்புக்கு வந்தா, ஃபார்வேர்டு பண்றதுக்கு முன்னாடி அட்மின்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "தூக்கம், அசதி, பசி, நடை நாலையும் எடுத்துட்டா இந்தப் பட்டை எவ்வளவு உயரம்?"